வெள்ளிக்கிழமை மட்டும் வா

பூந்தமல்லியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மேற்கே பார்த்த ஜன்னல் வழியாக ஒன்றரை மணி நேரம் நல்ல வெளிச்சம் விழும். மற்றபடி அது ஒழுகும், புழுங்கும், மழைக்காலத்தில் தவளை உள்ளே வரும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேர வெளிச்சத்துக்காக அந்த வீட்டை நான் பொறுத்துக்கொண்டேன். உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் அட்டைக்கு அளந்துதான் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு புட்டி கிடைத்தாலே பெரிய காரியம். அது சமையலுக்கும், ஆவடி ராணுவ முகாமில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் சைக்கிள் மிதித்து வந்து சாப்பிடும்வரை விளக்கு எரிவதற்கும் சரியாகப் போய்விடும். விளக்கை வைத்துக்கொண்டு படிப்பது என்பது ஜமீன்தார் வீட்டுப் பேச்சு.

நான் படித்தாக வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு நான் வாத்தியாரம்மா. என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஆள் கிடைக்காத காலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டரம்மா, எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறாவிட்டால் வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் தடவை எழுதினேன், கணக்கில் போய்விட்டது. இன்னும் ஒரு தடவைதான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் என் கதை. அந்த ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் வேலை இருக்கும், கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து தவளை விரட்டலாம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். சென்னீர்குப்பம் போகும் வழியில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்து மருமகள். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் பூ கொண்டுவந்து கொடுத்து, "யக்கா, நீதான் டீச்சரம்மாவா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவள். அதற்குப் பிறகு ஏழு வருஷம், மாதாமாதம் தூரமான மூன்று நாள் தவிர, ஒரு சாயங்காலம்கூட வராமல் இருந்ததில்லை. அந்த மூன்று நாளும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசினாள்.

என்ன பேசினாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். மொத்தம் ஐந்து கதைகள். நாத்தனார் பித்தளைக் குடத்தை ஒளித்துவைத்த கதை. மாமியார் இவள் வைத்த குழம்பை மாட்டுத் தொட்டியில் ஊற்றிய கதை. வீட்டுக்காரன் வாயே திறக்காத கதை. தலைவலிக் கதை. கல்யாணத்தில் இவளுக்கு வாங்கின புடவையின் சாயம் போன கதை. இந்த ஐந்தையும் மாற்றி மாற்றி அடுக்குவாள். தலைவலியில் தொடங்கி குடத்துக்குப் போவாள், குடத்திலிருந்து சாயத்துக்கு வருவாள். ஏழு வருஷத்தில் ஆறாவது கதை ஒன்று வந்திருந்தால் அவளுக்கு நானே மாலை போட்டிருப்பேன்.

யோசனை சொல்லிப் பார்த்தேன். "இதையெல்லாம் உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியாம்மா?" என்பேன்.

"சொல்லி இன்னா ஆவப்போவுது, யக்கா?" என்பாள்.

"சரி, உங்கம்மா ஊட்டுக்கு ஒரு மாசம் போய் இருந்துட்டு வா."

"அங்க இன்னா கீது?"

மறுநாள் வந்து, முந்தினநாள் நான் ஒன்றுமே சொல்லாதது போல, "நான் இன்னாக்கா பண்ணுவேன்?" என்று கேட்பாள். யோசனை அவளுக்குத் தேவையே இல்லை. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் நானாக இல்லாமல் ஒரு தூணாக இருந்தாலும் அவளுக்குக் குறை இருந்திருக்காது. தூணுக்கு 'ம்' கொட்டத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

நன்றி இல்லாதவள் என்று என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். ஆனால் என் நெற்றியில் ஈரத்துணி போட்டபடியே நாத்தனாரைப் பற்றிப் பேசினாள். நான் ஜன்னியில் ஏதோ உளறியிருக்கிறேன், அதற்கும் 'பார்த்தியா, நீயே சொல்ற' என்று நாத்தனார் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கஞ்சிதான் ஏழு வருஷமும் என் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் போன பிறகு புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடும். ஒரு தொட்டியை இரண்டு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது, எத்தனை மணியில் நிரம்பும் என்ற கணக்கைப் படித்தால், காலி செய்கிற குழாய்க்கு அவள் முகம் தெரியும். வெளிச்சமும் போயிருக்கும். அடுப்படியில் போய் உட்கார்ந்து, யாரையென்று தெரியாமல் திட்டிக்கொண்டு குழம்பு கிளறுவேன். வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, "இன்னிக்கும் வந்தாளா?" என்று மட்டும் கேட்பார். அவருக்கென்ன, ஆவடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

பொய்யெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. தலைவலி என்றேன். தைலம் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டே இருட்டும் வரை பேசினாள். மாங்காட்டு அம்மனுக்கு வேண்டுதல், சாயங்காலம் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். "இரு யக்கா, நானும் வரேன்" என்று கிளம்பி, போகவர முழு வழியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து பார்த்தேன். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் எங்கள் தெருவில் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். எதிர்வீட்டு பாய் குடும்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் வந்து கதவைத் தட்டினாள். நான் நல்லபடியாகத் திறந்ததும், எல்லோருக்கும் ஏமாற்றமாகப் போய்விட்டது.

அப்போதுதான் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நேரில் சொல்ல நினைத்தால் என் வாக்கியம் முடிவதற்குள் அவளுடையது தொடங்கிவிடும். தபாலில் போட முடியாது. கார்டு என்றால் தபால்காரரிலிருந்து மாமியார்வரை படிப்பார்கள், உறை என்றால் மாமனார் பிரிப்பார். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், அவளே படித்துவிடுவாள், கையில் கொடுத்தால் போதும்.

காகிதமும் அந்த நாளில் கிடைக்காத பண்டம். அதனால் பள்ளிக்கூடச் சிலேட்டுப் பலகையில் முதலில் எழுதிப் பார்த்தேன். 'என் வீட்டுக்காரருக்கு நீ தினமும் வருவது பிடிக்கவில்லை' என்று முதல் வரி வந்தது. பாவம், அந்த மனிதருக்கு அவளைப் பிடிப்பதும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. கஷ்டமானதைச் சொல்ல வேண்டுமென்றால் உடனே புருஷன் தலையில் போடுவது பெண்கள் எங்களுக்கெல்லாம் பழக்கம். எச்சில் தொட்டு அழித்தேன். இரண்டாவது தடவை கோபத்தோடு எழுதினேன். குடம், குழம்பு, சாயம் எல்லாம் வந்தன. படித்துப் பார்த்தால் அவளைப் போலவே நானும் புலம்பியிருந்தேன். அழித்தேன். மூன்றாவது தடவை புத்தி சொன்னேன். 'மனதைத் திடப்படுத்திக்கொள்' என்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் சொல்வது ஏறுவதில்லை.

நான்காவதாக வந்ததை நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். அது எனக்கு இன்னும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது.

'நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ தினமும் வந்து பேசிவிட்டுப் போன பிறகு எனக்கு எதையும் செய்யத் தெம்பு இருப்பதில்லை. இது பல நாளாக இப்படித்தான். சொல்லாமல் இருந்தது என் தப்பு. வெளிச்சம் இருக்கும்போது நான் படிக்க வேண்டும். இனி வெள்ளிக்கிழமை மட்டும் வா. விளக்கு வைக்கும் நேரம்வரை இருக்கலாம். பரீட்சை முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமை மட்டும்தான். உனக்கோ வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் எந்த நாளும் வரலாம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.'

கடைசியில் 'கோபம் எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தேன். அது பொய். அடித்துவிட்டேன். 'பரீட்சை முடிந்த பிறகும்' என்ற வரியை எடுத்துவிட எவ்வளவோ ஆசையாக இருந்தது. எடுத்துவிட்டால் பரீட்சைமேல் பழி போட்டுவிட்டு நான் நல்லவளாக இருந்துகொள்ளலாம். ஆனால் பரீட்சை முடிந்த மறுநாளே அவள் வாசலில் நிற்பாள். அதனால் விட்டுவைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது நாலாக மடித்த தாளைக் கையில் வைத்தேன். "ஊட்டுக்குப் போய்ப் படி" என்றேன்.

"இன்னாக்கா இது? பாட்டா?" என்று சிரித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. அந்த ஜன்னல் வெளிச்சம் முழுதும் எனக்கு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதல் நாள் நான் ஒரு கணக்குகூடப் போடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மாதிரி அசடு இருக்க முடியாது. ஏழு வருஷமாக இதற்காகத் தவித்துவிட்டு, கிடைத்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. தொட்டியும் குழாயும் பிடிபட்டன.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. வாசலில் நிழல் விழுந்தது. தலை நிமிர்த்துவதற்குள் என் வாய், "வா" என்றது.

வாசலுக்கு வந்தவர் எவராக இருந்தாலும் 'வா' என்று சொல்லியே வளர்ந்த வாய் அது. ஜென்ம விரோதி வந்து நின்றாலும் முதலில் 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவோம். மூன்று தடவை அழித்து எழுதிய கடிதத்தை அந்த ஓர் எழுத்து அழித்துவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா! கோவமா கீறியோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல யக்கா. நீயே வான்னுட்ட" என்றபடி செருப்பைக் கழற்றினாள். உட்கார்ந்தும் விட்டாள். "இந்த ரெண்டு நாள்ல அந்த நாத்தனா இன்னா பண்ணா தெரியுமா..."

எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள்மேல் வந்ததைவிட அதிகம். பேசாமல் இருந்துவிட்டால் கடிதம் வெறும் காகிதம். இன்னொரு கடிதமா எழுத முடியும்? ஒரு தடவை எழுதியது போதும், இனிமேல் அதில் எழுதியிருப்பதை நடத்திக் காட்டுவதுதான் பாக்கி என்று அப்போது புரிந்தது. புத்தகத்தை மடியிலிருந்து இறக்காமலே சொன்னேன்.

"வான்னு சொன்னது வாய்ப் பழக்கம்மா. கடுதாசில எழுதினதுதான் நெசம். இன்னிக்குச் செவ்வாக்கிழம. வெள்ளிக்கிழம பேசலாம்."

குரல் உயரவில்லை. அவள் என்னையே பார்த்தாள். அழப் போகிறாள் என்று பயந்தேன். அழுதிருந்தால் தோற்றிருப்பேன். அவள் அழவில்லை. நாத்தனார் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ வரேன்" என்றாள். போகிறேன் என்று சொல்லத்தான் எங்களுக்கு வாய் வராதே.

அதற்குப் பிறகு அவள் சோதித்துப் பார்த்தாள். புதன்கிழமை பூ கொண்டுவந்தாள். "பூ குடுக்கத்தான் வந்தேன், பேச வரல." எழுந்துபோய் வாசலிலேயே நின்றபடி வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். உட்கார்ந்தால் அவளும் உட்காருவாள் என்பதை ஏழு வருஷத்துக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அடுத்த வாரம் வீட்டில் சின்னப் பிள்ளைக்கு இருமல் என்றாள். உடம்பு சரியில்லை என்றால் வரலாம் என்று எழுதியிருந்தேனே. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆடாதொடை இலை பறித்துக் கொடுத்தேன், எப்படிக் கஷாயம் வைப்பது என்று சொன்னேன். இருமலிலிருந்து குடத்துக்குப் பேச்சு திரும்பியதும் எழுந்துவிட்டேன். அவளும் எழுந்தாள். பிள்ளைக்கு உண்மையிலேயே இருமல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் வந்தாள். ஒரு வாரத்துச் சரக்கையும் சேர்த்துக் கொட்டினாள். அப்போதுதான் எனக்கு இன்னொரு சங்கதி தெரிந்தது, அது எனக்குப் பெருமை தருவதாக இல்லை. அவள் பேச்சு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று கேட்டதில்லை. எதிரே ஒருத்தி பேசினால் 'ம்' கொட்டி, நிறுத்தினால் 'அப்புறம்?' என்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டது. ஏழு வருஷம் நான்தான் அடுப்புக்கு விறகு தள்ளியிருக்கிறேன், பிறகு புகைகிறது என்று புலம்பியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லை விழுங்கினேன். பித்தளைக் குடம் கிடைத்த இடம்வரை சொல்லிவிட்டு நிறுத்தினாள். நானும் சும்மா இருந்தேன். எதிரே காத்திருந்தாள். தெருவில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் ஒன்று முக்கி முக்கிப் போயிற்று. அவள் தன் புடவை முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். "அவ்ளோதான் யக்கா" என்றாள். அரை மணிக்கும் குறைவு. ஐந்து கதைக்கு அரை மணி கூட வேண்டியதில்லை.

மெல்ல மெல்ல இரண்டு வெள்ளிக்கு ஒரு முறை என்றாகியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே குறைத்துக்கொண்டாள். இதற்கிடையில் ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு. 'ஆறாங்கிளாஸ் படிச்சதுக்கே இவ்ளோ திமிரு, இன்னும் எட்டு படிச்சா எங்க நிக்குமோ' என்று அவள் சொன்னதாக, தெருக்கோடியில் மாவு மெஷின் வைத்து மாவு அரைக்கும் வீட்டம்மா வந்து என் காதில் போட்டாள். போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பதில் சொன்னால் அது அங்கே போகும், அங்கிருந்து ஒன்று இங்கே வரும், தெருவுக்குப் பொழுது போகும். "அப்படியா" என்றேன். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரு மாதத்தில் அவள் சாயங்காலத்துக்கு அந்த மாவு அரைக்கும் வீட்டையே பிடித்துக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது, வேறு என்ன சொல்ல? என்னிடம் ஏழு வருஷம் சொன்னதை இயந்திரம் கடகடக்கும் இடத்தில் உட்கார்ந்து ஒரே மாதத்தில் வேறொருத்தியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாளே என்று இருந்தது. அந்த அம்மாளுக்குக் காது மந்தம் வேறு. அதுவரை நான் ஏதோ கிடைப்பதற்கரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை எழுதினேன். கணக்கில் தொட்டி வரவில்லை, ரயில் வந்தது. ஆனாலும் போட்டேன். தேறிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு மத்தியானம் தகவல் வந்தது. தலைமையாசிரியை தன் கையால் ஒரு துண்டுக் கற்கண்டு கொடுத்தாள். வேலை நிலைத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டுக்காரர் வர நேரமாகும். கால் தானாகச் சென்னீர்குப்பம் பக்கம் திரும்பியது. பெருமை அடித்துக்கொள்ளத்தான் போனேன், அதை மறைப்பானேன். உன்னை வர வேண்டாம் என்று சொன்னது வீண் போகவில்லை பார் என்று காட்ட வேண்டும்.

தோட்டத்தைத் தாண்டி வீட்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. ஏழு வருஷத்தில் நான் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மாமியார் "வாங்க டீச்சரம்மா" என்று பாய் போட்டாள். நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் உள்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேறிய விஷயத்தைச் சொன்னேன். மாமியார் என் வேலை, என் வீட்டுக்காரர், ஆவடிப் பட்டாளம் எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் நான் அவளைப் பார்த்து, "நீ எப்படிம்மா கீற? தலைவலி தேவலையா?" என்றேன்.

"அவளுக்கு இன்னா தலவலி? குந்த வச்சி சோறு போடறோம்" என்றாள் மாமியார்.

நாத்தனார் சிரித்தாள். நான் மறுபடியும் அவளிடமே, "புள்ளைக்கு இருமல் போயிடுச்சா?" என்று கேட்டேன். அதற்கும் மாமியார்தான் பதில் சொன்னாள். அவள் வீட்டுக்காரன் தோட்டத்திலிருந்து வந்தான், என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனான், அவள் பக்கம் திரும்பவில்லை. கால்மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் மூச்சு விடாமல் பேசியவள் தன் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் திறந்ததுகூட இல்லை. அவள் பேச்சு இல்லாததை அங்கே யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கிளம்பினேன். தோட்டத்து வேலிவரை கூட வந்தாள். அங்கே, யாருக்கும் கேட்காத இடத்தில், "பாஸாயிட்டியே யக்கா, நல்லது" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. 'நாளைக்கே வா' என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நாளை மறுநாள் முதல் அவளை மறுபடியும் வெறுக்க ஆரம்பித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழம வா" என்றேன்.

"வரேன்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை என்று சொன்னதற்கு வருத்தமில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏழு வருஷம் அவளை எடைபோட்டு, தூற்றி, பலகையில் மூன்று தடவை எழுதி அழித்தவள், ஒரு நாள்கூட எழுந்து அந்த வீட்டுவரை நடந்து பார்க்கவில்லையே, அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.